மூன்று வேளையா, எட்டு மணி நேரமா? மாத்திரைக்கும் உண்டு பாய்ச்சல் முறை

மருந்து உறையின் மேல் 1-1-1 என்று எழுதியிருக்கும். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று மருந்தாளுநர் சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு வந்ததும் அது ‘மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று மாறிவிடும். பல மருந்துகளுக்கு இப்படி மாறுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் சில மருந்துகளுக்கு, குறிப்பாக அமாக்ஸிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு, மூன்று வேளை என்பது வேறு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வேறு.

எட்டு மணி நேரம் என்றதும் ‘ராத்திரி அலாரம் வச்சு எழுந்திருக்கணுமா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். தேவையில்லை. விவசாயக் குடும்பங்கள் படுக்கிற, எழுகிற நேரத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். சாப்பாட்டு நேரத்தோடு மாத்திரையைக் கட்டிப்போடுவதால்தான் கணக்கு தவறுகிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

திண்டிவனம் பக்கம் பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் மல்லாட்டை, இரண்டு கறவை மாடு. வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்து, தாடை வீங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை பல் மருத்துவரிடம் போகிறார். அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஐந்து நாளைக்கு, ஒரு நாளைக்கு மூன்று வீதம் 15. வலிக்குப் பாராசிட்டமால். வீக்கம் சற்று இறங்கியதும் பல்லைப் பிடுங்கிவிடலாம், புதன்கிழமை வந்து காட்டுங்கள் என்கிறார் மருத்துவர்.

காலை 11 மணிக்கே மருந்து கையில் இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முதல் கேப்ஸ்யூல் உள்ளே போகிறது. மறுநாள் கொல்லைக்குப் போய் வந்து, குளித்து, காலைச் சாப்பாடு முடியும்போது மணி 9. மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. செவ்வாய், புதன் இரண்டு நாளும் களை எடுக்க ஆள் வந்திருந்ததால் மதிய மாத்திரை மறந்துபோகிறது. மருத்துவரிடம் போகவும் நேரமில்லை. வியாழக்கிழமை காலை வீக்கம் மறுபடி ஏறியிருக்கிறது. கணவனும் மனைவியும் மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

மருத்துவர் அன்றே பல்லின் வேர் வழியாகச் சீழை வெளியேற்றுகிறார். பிறகு மருந்தாளுநரிடம் அனுப்புகிறார். அவர் முதலில் பார்ப்பது மாத்திரை அட்டையைத்தான்.

“அண்ணே, திங்கட்கிழமை பதினஞ்சு வாங்கினீங்க. இன்னிக்குக் காலையில ஆறுதான் மீதி இருக்கணும். ஒன்பது இருக்குதே?”

“வேளா வேளைக்குச் சாப்பிட்டேன்மா. மத்தியானம் மட்டும் ரெண்டு நாள் வுட்டுப்போச்சி.”

“என்னங்க, திங்கக்கிழமையும் ரெண்டுதானே சாப்பிட்டீங்க” என்கிறார் மனைவி.

இந்த எண்ணிக்கையே நல்ல சோதனை. வாங்கிய மாத்திரையில் எத்தனை மீதி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று மூன்றாம் நாள் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் மறந்ததைவிட மறைவான ஒரு தவறும் இங்கே இருக்கிறது. மூன்று வேளையும் மறக்காமல் சாப்பிட்டிருந்தாலும் அவருடைய இடைவெளி என்ன? காலை 9 முதல் மதியம் ஒன்றரை வரை நாலரை மணி நேரம். ஒன்றரை முதல் இரவு ஏழரை வரை ஆறு மணி நேரம். ஏழரை முதல் மறுநாள் காலை 9 வரை பதிமூன்றரை மணி நேரம். நாளின் பாதிக்கும் மேல் அடுத்த மாத்திரை இல்லாமலே போகிறது.

மணல் சாரியும் களியும்

அமாக்ஸிசிலின் உடம்பில் தங்கும் காலம் மிகக் குறைவு. விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். அதன்பின் ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்து, சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். உச்சத்தில் 100 பங்கு இருந்தால், அடுத்த மணியில் 50, பிறகு 25, பிறகு 12. உச்சத்திலிருந்து ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் கணக்கு.

செம்மண் மணல் சாரி நிலத்துக்கு விட்ட தண்ணீரும் இப்படித்தான். எவ்வளவு விட்டாலும் சீக்கிரம் இறங்கிவிடும். அடுத்த தண்ணீருக்கு அதிக நாள் விட்டால் மல்லாட்டைச் செடி வாடிவிடும். அதற்காக ஒரே நாளில் இரண்டு தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை. வேரைத் தாண்டிக் கீழே போவதுதான் மிச்சம். இடைவெளியைச் சரியாக வைப்பதுதான் வழி.

அமாக்ஸிசிலின் வேலை செய்யும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. கிருமி தன் உடலைச் சுற்றிச் சுவர் கட்டும்போது அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்வதுதான் இந்த வகை மருந்தின் வேலை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரத்தத்தில் இருந்தால் கிருமி சாகும். அதைவிடப் பல மடங்கு இருந்தாலும் அதிக வேகமாகச் சாகாது. ஆகவே இந்த மருந்துக்கு ‘எவ்வளவு உயரம் போனது’ என்பதைவிட ‘எவ்வளவு நேரம் தேவையான அளவுக்கு மேல் இருந்தது’ என்பதுதான் முக்கியம். பகலில் நாலரை மணி நேரத்தில் இரண்டு கேப்ஸ்யூல் போட்டால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கொஞ்சம் வீணாகும். இரவு பதிமூன்றரை மணி நேர இடைவெளியில், மிச்சமிருக்கும் கிருமிகள் திரும்பவும் பெருகத் தொடங்கும். சாதகமான சூழல் கிடைத்தால் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிற கிருமிகளும் உண்டு. உடம்புக்குள் அந்த வேகம் குறைவுதான் என்றாலும், ஒரு நீண்ட இரவு அவற்றுக்குப் போதுமான அவகாசம்.

இந்த உண்மையை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. அமாக்ஸிசிலினுக்கு மூத்த மருந்து பெனிசிலின். 1941-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு முதன்முதலாக அது தொடர் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டது. சில நாளில் நன்றாகத் தேறினார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அந்த அளவுக்கு வேகமாக மருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. கடைசியில் மருந்து முற்றும் தீர்ந்துபோக, கிருமி மறுபடி கிளம்பி, அவர் இறந்துபோனார். அதன்பின் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்தபோதும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இரவு பகலாக ஊசி போட வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் எட்டு மணி நேரம் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

தூக்கமே ஓர் இடைவெளி

இனி நேரத்துக்கு வருவோம். எட்டு மணி நேர மருந்தைத் தூக்கத்துக்குள் பொருத்த ஒரே ஒரு விதி போதும். எழுந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு அந்தத் தூக்கமே ஓர் இடைவெளியாகிவிடும். மீதமுள்ள பதினாறு, பதினேழு மணி நேரத்தை நடுவில் ஒரு மாத்திரை இரண்டாகப் பிரித்துவிடும். நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டியதே இல்லை.

மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இது இன்னும் சுலபம். திண்டிவனம் வீட்டுக்கே பார்ப்போம். விடியற்காலை 5 மணிக்குப் பால் கறக்க எழுகிறார்கள். அப்போது ஒன்று. பகல் 1 மணிக்கு ஒன்று. இரவு 9 மணிக்குப் படுக்கும் முன் ஒன்று. மூன்று இடைவெளியும் எட்டு மணி நேரம். மருந்தாளுநர் உறையின் மேல் 1-1-1 என்பதற்குக் கீழே 5-1-9 என்று எழுதிக் கொடுத்தால், மனைவி அதைப் பால் கணக்கு நோட்டில் ஒட்டிவிடுவார். கொஞ்சம் தாமதமாக எழுந்து, தாமதமாகப் படுக்கிற வீட்டுக்கு 6-2-10 பொருந்தும்.

“வெறும் வயித்துல எப்படிம்மா சாப்பிடறது? குடலைப் புடுங்காதா?” என்று கேட்காதவர் இல்லை. அமாக்ஸிசிலினைச் சாப்பாட்டோடும் சாப்பிடலாம், சாப்பாடு இல்லாமலும் சாப்பிடலாம். மருந்து உடம்பில் ஏறுவதற்கு இட்லியும் சோறும் தேவையில்லை. வயிறு புரட்டுகிறது என்றால் கொஞ்சம் நீராகாரமோ, கஞ்சியோ குடித்துவிட்டு விழுங்கலாம். அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை மட்டும் சாப்பிடத் தொடங்கும்போது விழுங்கினால் வயிற்றுக்கு நல்லது. அதை இரண்டு வேளையா, மூன்று வேளையா என்பதையும் மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ள வேண்டும்.

நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் முன்பின்னாகப் போவதால் எதுவும் கெடாது. பதிமூன்று மணி நேரமாக நீளாமல் இருந்தால் போதும்.

முதல் நாளும் மறந்த நாளும்

மருந்து கைக்கு வந்த நாளில்தான் குழப்பம் அதிகம். காலை 11 மணிக்கு வாங்கினால் மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே முதல் கேப்ஸ்யூல். அன்று மட்டும் அடுத்தது மாலை 4 மணிக்கு, அதற்கடுத்தது இரவு 9 மணிக்கு. ஐந்து மணி நேர இடைவெளி அமாக்ஸிசிலினுக்குப் பரவாயில்லை. நாலு மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. மறுநாள் 5 மணியிலிருந்து வழக்கமான 5-1-9. திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளி இரவு பதினைந்தாவது கேப்ஸ்யூல் முடியும்.

மறந்துபோகிறது என்றால் பெரும்பாலும் மதிய மாத்திரைதான். அந்த நேரம் ஆள் கொல்லையில் இருப்பார், மாத்திரை வீட்டில் இருக்கும். காலையிலேயே அட்டையிலிருந்து ஒன்றை மட்டும் உறையோடு கத்தரித்து, தூக்குச் சட்டியோடு எடுத்துப்போவது நல்ல வழி. மோட்டார் கொட்டகையில் மாத்திரையை வைத்துவிடக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் மருந்து கெடும். அங்கே பூச்சிமருந்து டப்பாவும் இருக்கும். பூச்சிமருந்துப் பாட்டிலின் மூடியிலோ, காலி உறையிலோ மாத்திரையைப் போட்டு வைப்பது உயிருக்கே ஆபத்து. மருந்து அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாத்திரையைத் தொட வேண்டும்.

பகல் 1 மணி மாத்திரை 3 மணிக்கு நினைவு வந்தால் அப்போதே விழுங்கலாம். இரவு மாத்திரையை வழக்கம்போல் 9 மணிக்கோ, பத்துக்கோ சாப்பிடலாம். இரவு 8 மணிக்குத்தான் நினைவு வருகிறது என்றால் விட்டதை விட்டுவிட்டு, 9 மணிக்கு ஒன்றை மட்டும் சாப்பிட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது.

ராத்திரி மோட்டார் போடுகிறவருக்கு

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும்போது தூக்கமே இரண்டு துண்டாகிவிடும். எட்டு மணிக்கே படுத்து, நடுராத்திரி 12 மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு, மடை மாற்றிவிட்டு, 3 மணிக்கு வந்து மறுபடி படுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுராத்திரி விழிப்பே வசதி. நள்ளிரவு 12, காலை 8, மாலை 4. மூன்றும் விழித்திருக்கும் நேரம்தான்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் எளிது. 5-1-9 என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரவு முறை மின்சாரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணி மாத்திரைக்குப் பிறகு ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு மணி நேரம் நீட்டினால் போதும். மறுநாள் காலை 6, மாலை 3, நள்ளிரவு 12. அதன்பின் 8-4-12. ஒரே நாளில் மாறிவிடலாம்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு. குழந்தை பத்து மணி நேரம் தூங்கும். மருத்துவர் தனியாகச் சொல்லாதவரை அதை எழுப்ப வேண்டாம். எழுந்ததும், பகலில், தூங்கும் முன் என்று கொடுக்கலாம். பள்ளியில் கொடுக்க வழியில்லை என்றால் பள்ளி விட்டு வந்ததும் 4 மணிக்கு ஒரு வேளை, தூங்கும் முன் 9 மணிக்கு ஒரு வேளை கொடுக்கலாம். இடைவெளி நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் இருப்பதுதான் முக்கியம்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது

இதுவரை சொன்னது அமாக்ஸிசிலின் போல வேகமாக வெளியேறும் மருந்துக்கு. இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் 5-1-9 என்று மாற்றிவிடக் கூடாது.

களி நிலம்போல மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் அப்படிப்பட்டது. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய முக்கால் நாள் ஆகும். அதனால் காலை, இரவு என்று இரண்டு வேளை போதும், இரண்டு மணி நேரம் தள்ளிப்போனாலும் கவலையில்லை. ஆனால் படுக்கும் நேரத்து மாத்திரையாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடுவதே நல்லது. பாலோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

பாராசிட்டமாலுக்குக் கணக்கு நேர் எதிர். அங்கே இடைவெளி என்பது ‘இதற்குள் அடுத்ததைப் போடாதே’ என்ற எச்சரிக்கை. வலியோ, காய்ச்சலோ இல்லையென்றால் நேரம் வந்துவிட்டதே என்று விழுங்க வேண்டியதில்லை. தூங்குகிறவரை எழுப்பவும் வேண்டாம். 650 மில்லிகிராம் மாத்திரைக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்குக் கேடு.

சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லியிருந்தால், சாப்பாடுதான் அதற்குக் கடிகாரம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விடியற்காலை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் கொல்லைக்குப் போனால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும்.

தூக்கத்தை மருந்து தயாரிப்பவர்களே கணக்கில் சேர்த்த உதாரணமும் உண்டு. அக்கி வந்தால் கிராமத்தில் காவிக்கல் குழைத்து எழுதுவார்கள். மருத்துவரிடம் போனால் ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்று எழுதுவார். அக்கி கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஐந்து வேளை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ஆறாவது வேளை தூக்கத்துக்காக விட்டது. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று சாப்பிடலாம்.

இடைவெளி மருந்தைப் பொறுத்தது மட்டுமல்ல, கிருமியையும் பொறுத்தது என்று உலகத்துக்குக் காட்டியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்த முடியும் என்று 1959-ல் காட்டியது. 1964-ல் அதே மையம், வாரத்துக்கு இரண்டே முறை கொடுத்த மருந்தும் தினமும் கொடுத்ததற்கு ஈடாக வேலை செய்ததைக் காட்டியது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மெதுவாக வளரும் கிருமிக்கு நீண்ட இடைவெளி செல்லுபடியானது. இன்றைய அரசுத் திட்டத்தில் காசநோய்க்குத் தினசரி மருந்துதான், அதை யாரும் தாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. பல் சீழில் இருக்கும் கிருமிகள் அப்படி மெதுவாக நகர்பவை அல்ல.

இதையும் கவனிக்க

திண்டிவனம் வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை சீழ் வெளியேறியதும் வலி பாதியானது. மீதி இருந்த ஒன்பது கேப்ஸ்யூலையும் 5-1-9 என்று சாப்பிட்டு முடித்து, மருத்துவர் சொன்ன நாளில் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார். வீக்கம் மறுபடி ஏறியதற்கு இடைவெளி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சீழ் உள்ளேயே இருந்தால் மருந்து முழுமையாக அங்கே போய்ச் சேராது. பல்லைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு நேரக் கணக்கும் உதவாது.

வீக்கம் கண்ணுக்கோ, கழுத்துக்கோ பரவினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலும் அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து சாப்பிட்டபின் உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை. மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி – பதில்

கேள்வி: சீட்டில் 1-1-1 என்றுதான் இருக்கிறது. எட்டு மணி நேரம் என்று எழுதவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மருந்து வாங்கும் இடத்தில் ஒரே கேள்வி கேட்டால் போதும். ‘இது சாப்பாட்டுக்கு ஏற்ற மருந்தா, மணிக்கு ஏற்ற மருந்தா?’ மணிக்கு ஏற்றது என்றால் நீங்கள் எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் சொல்லி, மூன்று நேரத்தை உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மருந்து. எனக்கு மூன்று வேளை, அவருக்கு இரண்டு வேளை. தவறாக எழுதிவிட்டார்களா?

பதில்: சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அவர்களுக்கு இடைவெளியை நீட்டுவதுண்டு. அதற்காகத்தானா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதுவரை ஒருவர் கணக்கை இன்னொருவருக்குப் போட வேண்டாம்.

கேள்வி: மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் குணமாகிவிட்டால் நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். மிச்சம் வைத்த ஆறு கேப்ஸ்யூல் அடுத்த நோய்க்கு முழு மருந்தும் ஆகாது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் உதவாது.